வெள்ளைப்படாத வெள்ளை

'கீழே அரிக்குது' என்று நம்மூரில் ஒரு பெண் சொன்னால் அடுத்து வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'வெள்ளைப்படுதா?' அம்மா கேட்பார், நாத்தனார் கேட்பார், மருந்துக்கடைக்காரர் கேட்பார், மருத்துவரும் கேட்பார். 'இல்லை' என்று அவள் சொன்ன பிறகும் வெள்ளைப்படுதலுக்கான மாத்திரைதான் கையில் வந்து விழும். 'உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி' என்ற அறிவுரை இலவசம். கேள்வியைக் கேட்டவர்கள் பதிலைக் கேட்டுக்கொள்வதே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அந்த 'இல்லை' ஒரு நோய்க்குறி. அரிப்பு இருக்கிறது, கசிவு இல்லை, தோல் வெளுத்திருக்கிறது என்றால் சிக்கல் யோனிக்குள் இருக்கும் கிருமியில் இல்லாமல், வெளியே இருக்கும் தோலில் இருக்கக்கூடும். யோனி உள்ளே இருக்கும் பாதை. வெளியே தெரியும் இதழ்களும், கிளிட்டோரிஸும், அதன் மேல்மூடியும், வாயிலும் சேர்ந்ததற்கு மருத்துவத்தில் வல்வா என்று பெயர். நாம் இரண்டுக்கும் சேர்த்து 'அந்த இடம்' என்கிறோம். தமிழ் படித்தவர்கள் சங்கப் பாடலில் வரும் அல்குல் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். பெயரில்லாத இடத்தில் வரும் நோயைச் சொல்ல வார்த்தை எங்கிருந்து வரும்? உள்ளும் புறமும் ஒரே சொல்லில் கரைந்துபோனதால், புறத்தில் வரும் தோல்நோய்க்கு உள்ளே போடும் மாத்திரை தரப்படுகிறது.

நான் சொல்ல வருவது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நோயைப் பற்றி. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதால் வருவது என்று கருதப்படுகிறது. இது தொற்றாது. உறவால் வருவதில்லை, சுத்தக்குறைவால் வருவதும் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடமும் பூப்படையாத சிறுமிகளிடமும் அதிகம் காணப்படும். இடைப்பட்ட வயதிலும் வரும். தோல் வெளுத்து, மெலிந்து, கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதம்போலச் சுருங்கும். வெண்மை பல பெண்களுக்கு வல்வாவைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் எட்டு என்ற எண்ணின் வடிவில் படரும். மெலிந்த தோல் கீறினால் வெடிக்கும், உள்ளே ரத்தம் கட்டும். அரிப்பு இரவில் அதிகம். இந்த நோய் யோனியின் உள்பக்கத்தைப் பொதுவாகத் தொடுவதில்லை. கசிவு இல்லாததற்குக் காரணம் அதுதான்.

பூஞ்சைத் தொற்றின் நடத்தை வேறு. தோல் சிவந்திருக்கும், பெரும்பாலும் தயிர்த்திரிபோல வெள்ளை படும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கூடும், சரியான மருந்து போட்டால் ஒரு வாரத்தில் அடங்கும். அந்தப் பூஞ்சை வளர ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. ஆகவே மாதவிடாய் நின்றவளுக்கும் பூப்படையாத சிறுமிக்கும், சர்க்கரை நோயோ ஹார்மோன் மருந்தோ ஆன்டிபயாட்டிக்கோ இல்லாதபோது, பூஞ்சைத் தொற்று அரிது. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு 'திரும்பத் திரும்ப ஃபங்கஸ் வருது' என்று எவராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

நம் பொதுச் சுகாதாரத்தில் பெண்ணின் கீழுறுப்புத் தொல்லைக்கு ஒரு நிறம் உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பால்வினை நோய்களுக்கு அறிகுறி வாரியாக நிறமிட்ட மருந்துப் பொட்டலங்களை வகுத்தது. யோனிக் கசிவுக்குப் பச்சைப் பொட்டலம்: செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளூகொனசோல் 150 மில்லிகிராம், ஒரே வேளை. ஆய்வகம் இல்லாத ஊரில் கசிவோடு வரும் பெண்ணுக்கு அது பயனுள்ள ஏற்பாடுதான். பொட்டலம் தருவதற்கு முன் பரிசோதிக்க வேண்டும் என்றும் அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் பரிசோதனை விழுந்துவிடுகிறது, மருந்து மட்டும் நிற்கிறது. கசிவில்லாத அரிப்புக்குப் பொட்டலமும் இல்லை, பார்க்கும் கண்ணும் இல்லை.

எங்கள் மேடவாக்கத்தில் மாவுக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரின் கதையை அவர் அனுமதியோடு, பெயரில்லாமல் எழுதுகிறேன். வயது 57. மாதவிடாய் நின்று ஏழு வருடம். நான்கு வருடமாக அரிப்பு. வெள்ளைப்படுதல் ஒருநாளும் இல்லை. மருந்துக்கடையில் வாரம் ஒரு ஃப்ளூகொனசோல் வாங்கி விழுங்கினார். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. இரண்டு மருத்துவர்கள் மாத்திரையை மாற்றினார்கள், இருவரும் பார்க்கவில்லை. டெட்டால் கலந்த வெந்நீரில் கழுவச் சொன்னவர்கள் உண்டு. கழுவக் கழுவ எரிச்சல்தான் கூடியது.

பிறகு கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். பத்து நாளில் அரிப்பு போய்விட்டது. நிறுத்தினார், மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி வாங்கினார், மறுபடி போனது. 'பாருங்கம்மா, ஃபங்கஸ்தான், அதான் கேக்குது' என்றார் கடைக்காரர். இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அந்தக் குழாயில் பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் குளோபீட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அரிப்பை அடக்கியது அந்த ஸ்டீராய்டு. பெயர் வாங்கியது பூஞ்சை மருந்து. லைக்கன் ஸ்கிளிரோசஸுக்கு முதல் மருந்தே குளோபீட்டசால்தான். அக்கா தன் நோய்க்கான மருந்தைத்தான் தடவிக்கொண்டிருந்தார், தப்பான பெயரில், தப்பான அளவில், தேவையில்லாத இரண்டு மருந்துகளோடு கலந்து. 2018 செப்டம்பரில் நடுவண் அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது இப்படிப்பட்ட ஸ்டீராய்டுக் கலவைக் களிம்புகள் பலவும் பட்டியலில் இருந்தன. வேறு சேர்க்கைகளில் அவை இன்னும் சீட்டில்லாமல் கைமாறுகின்றன. ஆகவே ஒரு களிம்பு அரிப்பைக் குறைத்தது என்பதை வைத்து நோயின் பெயரை முடிவு செய்யாதீர்கள். அட்டையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குழாயையே எடுத்துப் போங்கள்.

நான்காம் வருடம் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனார். பலகையில் 'பால்வினை நோய்' என்றும் எழுதியிருந்ததால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு முறை வாசலோடு திரும்பியவர் அவர். அங்கே ஒரு பெண் மருத்துவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பார்க்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. வெண்மை, வெடிப்பு, ரத்தக்கட்டு எல்லாம் கண்ணெதிரே இருந்தன. இடப்பக்க உள்ளிதழ் வெளியிதழோடு ஒட்டி மறைந்திருந்தது. கிளிட்டோரிஸின் மூடி மூடிக்கொண்டிருந்தது. தோற்றம் தெளிவாக இருந்ததால் சதைப் பரிசோதனை தேவைப்படவில்லை. சந்தேகம் இருந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ, தடிப்போ ஆறாத புண்ணோ இருந்தாலோ, மரத்துப்போக ஊசி போட்டுச் சில மில்லிமீட்டர் தோலை எடுத்துப் பார்ப்பார்கள். இந்த நோயோடு தைராய்டுக் கோளாறும் வரக்கூடும் என்பதால் அதையும் சோதித்தார்கள்.

சிகிச்சையின் கணக்கு எளிது. குளோபீட்டசால் 0.05 சதவீத ஆயின்ட்மென்ட், வேறெதுவும் கலக்காதது. முதல் மாதம் தினம் இரவு, இரண்டாம் மாதம் ஒன்றுவிட்ட இரவு, மூன்றாம் மாதம் வாரம் இரண்டு முறை. ஒரு முறைக்கு அரை கிராம், அதாவது சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு, போதும். மொத்தம் 53 முறை, 27 கிராம். 30 கிராம் குழாய் மூன்று மாதம் வர வேண்டும். சோப்புக்குப் பதில் தண்ணீர், பகலில் வாசலின். மருத்துவர் பார்த்து உறுதி செய்தபின் பின்பற்றும் முறை இது.

அக்கா சீட்டோடு கடைக்குப் போனபோது 'இதை அங்கெல்லாம் போடக்கூடாதும்மா' என்றார்கள். அட்டைக்குள் இருந்த தாளும் அப்படித்தான் சொன்னது. பயந்து இரண்டு வாரம் போடவில்லை. கலவைக் களிம்பைச் சீட்டில்லாமல் கொடுத்த அதே கடை, சீட்டோடு வந்த சரியான மருந்துக்கு எச்சரிக்கை சொன்னது! பொத்தாம் பொதுவாகத் தடவுகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை நியாயம். இந்த நோய்க்கு வெளுத்த தோலின் மேல் மட்டும், இந்த அளவில் போடுவது நிறுவப்பட்ட சிகிச்சை. மருத்துவரிடம் மறுபடி கேட்டுத் தொடங்கினார். மூன்றாம் வாரம் இரவில் முழுத் தூக்கம் வந்தது. வெடிப்புகள் ஆறின. ஒட்டிப்போன இதழ் திரும்பவில்லை. நான்கு வருடத்தின் விலை அது.

விலை அதோடு நிற்பதும் இல்லை. சிகிச்சையில்லாத லைக்கன் ஸ்கிளிரோசஸில் ஒரு சிறு பங்கு வல்வா புற்றுநோயாகலாம். சிட்னியில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. சொன்னபடி மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை; அரைகுறையாகப் போட்ட 150 பேரில் ஏழு பேருக்கு வந்தது. அரிப்பு நின்றாலும் மருந்தை அறவே நிறுத்தக்கூடாது, வருடம் ஒருமுறையாவது காட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வெளுத்ததெல்லாம் இந்த நோயும் இல்லை. வெண்புள்ளியிலும் அங்கே நிறம் போகும். ஆனால் பெரும்பாலும் அரிக்காது, தோல் சுருங்காது, இதழ் கரையாது. 'வெண்குஷ்டம்' என்ற இழிசொல்லை 'வெண்புள்ளி' என்று மாற்றப் போராடிய இயக்கம் நம் தாம்பரத்தில் இருந்து எழுந்தது. ஒரு சொல்லை மாற்றினால் ஒரு நோயாளியின் வாழ்வு மாறும் என்பதை அவர்கள் காட்டினார்கள். வாசனை சோப்பு, நாப்கின், வைப்ஸ் ஒவ்வாமல் வரும் அழற்சியும், சொறிந்து சொறிந்து தடித்து வெளுக்கும் தோலும் தொற்றுபோலவே நடிக்கும். அவற்றுக்கும் பூஞ்சை மாத்திரை உதவாது.

சிறுமிகள் விஷயத்தில் ஒன்று. மலம் கழிக்கப் பயந்து அடக்கும், சிறுநீர் போனால் அழும், அங்கே ரத்தக்கட்டு தெரியும் குழந்தையைக் கண்டு தாய் நடுங்கிப்போவாள். அது இந்த நோயாகவும் இருக்கலாம். நோய் இருப்பதாலேயே வன்முறை நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டையும் தெரிந்த ஒருவர் குழந்தையைப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கம் தீர்ப்பெழுதக் கூடாது.

ஆகவே நம் கோரிக்கை பெரிய மருத்துவமனையோ விலையுயர்ந்த மருந்தோ இல்லை. பார்க்க வேண்டும் என்பதுதான். வருடக்கணக்கில் ஒரு பெண்ணுக்குப் பார்க்காமலே மாத்திரை எழுதுவது கூச்சத்துக்குத் தரும் மரியாதை ஆகாது. அது கடமை தவறுவது. நாமும் கைக்கண்ணாடி வைத்து மாதம் ஒருமுறை பார்ப்போம். மருத்துவரிடம் 'அங்கே ஒரு மாதிரியா இருக்கு' என்று முனகாமல் இப்படிச் சொல்வோம்: 'வெளித்தோலில் அரிப்பு, வெள்ளைப்படுதல் இல்லை, தோல் வெளுத்திருக்கிறது, பூஞ்சை மருந்து கேட்கவில்லை. லைக்கன் ஸ்கிளிரோசஸா என்று பார்த்துச் சொல்லுங்கள்.' பார்க்காமல் சீட்டை நீட்டினால் வாங்காதீர்கள். அடுத்த மருத்துவரிடம், தோல் பிரிவுக்குப் போங்கள்.