பலசரக்குச் சீட்டும் ஆய்வேடும்

கொஞ்சம் நீளமான பதிவு. எம்.எட்., பிஎச்.டி. படிப்பவர்களும், பள்ளியில் கால அட்டவணை போடுபவர்களும் முழுவதும் படித்துவிடுங்கள்.

தம்பி மகள் எம்.எட். ஆய்வேடு எழுதுகிறாள். கணினி வழிக் கற்றலால் கணக்குப் பாடம் மேம்படுகிறதா என்பது தலைப்பு. முந்தைய ஆய்வுகளைப் பற்றி அவள் எழுதிய பத்தி இதுதான்:

“பானர்ஜி முதலியோர் (2007) வதோதராவில் 0.47 உயர்வு கண்டனர். லிண்டன் (2008) குஜராத்தில் 0.57 சரிவு கண்டார். அவரே வேறொரு முறையில் 0.28 உயர்வு கண்டார். முரளிதரன் முதலியோர் (2019) டெல்லியில் 0.37 உயர்வு கண்டனர். எனவே முடிவுகள் முரண்படுகின்றன.”

“பெரியப்பா, ஆய்வுகளே ஒண்ணுக்கொண்ணு சண்டை போட்டா நான் என்ன செய்ய?” என்று கேட்டாள்.

எண்கள் புரியாதவர்களுக்காக ஒரு வரி. இவை திட்டவிலக்கத்தின் அளவில் சொல்லப்படுபவை. ஒரு தேர்வில் திட்டவிலக்கம் 20 மதிப்பெண் என்றால், 0.47 என்பது ஒன்பது மதிப்பெண்ணுக்குச் சற்று மேல்.

இந்தப் பத்தி பலசரக்குக் கடைச் சீட்டு மாதிரி இருக்கிறது. சரக்கெல்லாம் இருக்கிறது, சமையல் நடக்கவில்லை. இதைச் சரிசெய்யப் பலரும் இரண்டு குறுக்குவழிகளில் போகிறார்கள். ஒன்று, நான்கில் மூன்று உயர்வு, ஆகவே கணினி நல்லது என்று கை தூக்க வைத்து எண்ணுவது. மற்றது சராசரி போடுவது. இங்கே சராசரி 0.14 வரும். அந்த 0.14 எந்தப் பள்ளியிலும் எந்தப் பிள்ளைக்கும் கிடைத்ததல்ல. சரிந்த பள்ளியையும் உயர்ந்த பள்ளியையும் அது ஒன்றாக மறைத்துவிடுகிறது.

நான் சொன்னது இதுதான்: எண்ணை விடு, ஒவ்வொரு ஆய்விலும் பிள்ளை கணினி முன் உட்கார்ந்த அந்த நேரத்தில், திட்டம் இல்லாவிட்டால் என்ன செய்துகொண்டிருக்கும் என்று பார்.

மூலக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தோம். லிண்டனின் இரண்டு எண்களும் ஞான்சாலா என்ற ஒரே அமைப்பின் பள்ளிகளில் வந்தவை. வகுப்பு நேரத்திலேயே பிள்ளைகளைக் கணினிக்கு அனுப்பியபோது சரிவு. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது உயர்வு. டெல்லியில் நடந்ததும் பள்ளிக்கு வெளியே இயங்கிய மையங்களில்தான். ஆனால் அங்கே பாதி நேரம் கணினி, மீதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாசிரியரிடம் பாடம்.

இதோடு “வகுப்பு நேரத்தைத் தொடாதே” என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். அவளும் துள்ளினாள். ஆனால் வதோதரா இடிக்கிறது. அங்கே வாரம் இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி வகுப்பு நேரத்தில்தான் போனது. அப்படியும் நான்கில் பெரிய உயர்வு அங்கேதான். நம் விளக்கத்துக்கு ஒத்துவராத ஆய்வை அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கிற பழக்கம் ஆய்வேடுகளில் நிறைய. அதைப் பத்தியின் நடுவிலேயே வைக்கச் சொன்னேன்.

மூன்று முறை திருத்திய பிறகு வந்தது இது:

“கணினியின் பயன் அது எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து மாறுவதாகத் தெரிகிறது. ஒரே அமைப்பின் பள்ளிகளில், வகுப்புக்குப் பதிலாகக் கொடுத்தபோது கணக்கு மதிப்பெண் 0.57 சரிந்தது, வகுப்புக்கு மேலதிகமாகக் கொடுத்தபோது 0.28 உயர்ந்தது (லிண்டன், 2008). டெல்லியின் பள்ளி நேரம் கடந்த மையங்களிலும் 0.37 உயர்வு கிடைத்தது. ஆனால் அதில் உதவியாசிரியரின் பங்கைப் பிரிக்க முடியாது (முரளிதரன் முதலியோர், 2019). வதோதராவில் பாதி நேரம் வகுப்பிலிருந்தே எடுக்கப்பட்டும் 0.47 உயர்வு வந்தது. ஆகவே நேரம் மட்டுமே காரணமல்ல, இழந்த வகுப்பின் தரமும் காரணமாகலாம். திட்டம் முடிந்து ஓராண்டில் அந்த உயர்வும் ஏறத்தாழ 0.10 ஆகத் தேய்ந்தது (பானர்ஜி முதலியோர், 2007). கூடுதல் நேரம் தந்த ஆய்வுகளில், பயன் கணினியால் வந்ததா கூடுதல் நேரத்தால் வந்ததா என்பதும் தெளிவாகவில்லை.”

எண்கள் அதே நான்குதான், கூட அந்த 0.10 ஒன்று. ஆனால் ஆய்வாளர் பெயர் அடைப்புக்குள் போய்விட்டது, வாக்கியத்தின் முதலில் கருத்து வந்துவிட்டது. “தெரிகிறது”, “ஆகலாம்” என்ற தயக்கச் சொற்கள் சான்று மெலிந்த இடத்தில் மட்டும் நிற்கின்றன. லிண்டன் வாக்கியத்தில் தயக்கம் இல்லை, கவனித்தீர்களா? ஒரே அமைப்புக்குள் செய்த ஒப்பீடு அது. வதோதராவையும் டெல்லியையும் ஒப்பிடுவது அப்படியல்ல. ஊர் வேறு, வயது வேறு, மென்பொருள் வேறு. கடைசி வரியிலிருந்துதான் அவள் ஆய்வுக் கேள்வியே பிறந்தது: அதே கூடுதல் நேரத்தை ஒரு குழுவுக்குக் கணினியோடும் இன்னொரு குழுவுக்கு ஆசிரியரோடும் கொடுத்துப் பார்ப்பது.

தலைமையாசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பள்ளிக்கும் ஹைடெக் லேப் வந்திருக்கும். அதற்கான பீரியடைக் கணக்குப் பாடத்திலிருந்து எடுப்பதற்கு முன், அந்தப் பீரியடில் இப்போது என்ன நடக்கிறது என்று போய் ஒரு வாரம் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். நல்ல கணக்கு வாத்தியார் நடத்துகிற வகுப்பு என்றால், அதில் கை வைக்காதீர்கள்.