ஐந்தாம் நாள் படமும் இரவல் அளவுகோலும்

"ஐந்தாம் நாள் எக்ஸ்ரே படத்தில் குறி வளையங்கள் எஞ்சவில்லை, பெருங்குடல் கடப்பு நேரம் இயல்பு." மலச்சிக்கலோடு வருகிறவரின் கையில் இப்படி ஓர் அறிக்கை கொடுக்கப்படும்போது, அதில் உள்ள 'இயல்பு' யாருடைய இயல்பு என்று கேட்பார் இல்லை.

சோதனை எளிமையானது. எக்ஸ்ரேயில் தெரியும் 24 சிறு வளையங்கள் அடங்கிய காப்ஸ்யூல் ஒன்றை நோயாளி விழுங்குகிறார். மலமிளக்கி நிறுத்தப்பட்டு, வழக்கமான உணவு தொடர்கிறது. ஐந்தாம் நாள் வயிற்றுப் படம் எடுக்கப்படுகிறது. ஐந்துக்கு மேல் வளையங்கள் எஞ்சியிருந்தால் 'மந்தக் கடப்பு மலச்சிக்கல்', இல்லையேல் இயல்பு. இதன் வேர் 1969இல் ஹிண்டன், லெனார்ட்-ஜோன்ஸ், யங் ஆகியோர் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அங்குள்ள ஆரோக்கியமானவர்கள், விழுங்கிய குறிகளில் ஐந்தில் நான்கு பங்கையாவது ஐந்து நாளுக்குள் வெளியேற்றினர். அந்த மக்களைப் பற்றிய உண்மை அது. அதையே எல்லாக் குடல்களுக்குமான விதியாக்கியது பின்னால் வந்தவர்களின் சோம்பல்.

இந்தியாவில் பெரும்பாலோரின் குடல் அதைவிட விரைவாக இயங்குகிறது. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தில் உதய் கோஷலும் உடன் பணிபுரிந்தோரும் இதைக் கருத்தில் கொண்டே 2007இல் வேறொரு முறையை வெளியிட்டனர். தொடக்கத்தில் 20 வளையங்கள், 12 மணி நேரம் கழித்து 20, மேலும் 12 மணி நேரம் கழித்து 20. ஆக மொத்தம் 60. படம் எடுப்பது 36ஆம் மணியிலும் 60ஆம் மணியிலும். முதற்படத்தில் 30, இரண்டாம் படத்தில் 14 என்பவை எல்லைகள். அவற்றைத் தாண்டி எஞ்சினால் கடப்பு மந்தம்.

இரு முறைகளுக்கும் உள்ள தொலைவை ஒரு கணக்கால் காணலாம். ஒரு பெண்ணுக்கு வாயிலிருந்து வெளியேறும் வரை 70 மணி நேரம் ஆகிறது என்றும், எளிமைக்காக எல்லா வளையங்களும் ஒரே வேகத்தில் நகர்கின்றன என்றும் கொள்வோம். லக்னோ முறையில் 60ஆம் மணிப் படத்தின்போது மூன்று தொகுதிகளும் முறையே 60, 48, 36 மணி நேரம் குடலில் இருந்திருக்கும். ஒரு வளையம்கூட வெளியேறியிராது. அறுபதும் படத்தில் தெரியும். 20 மணி நேரத்தில் கடக்கும் ஆரோக்கியமான ஒருவருக்கோ அதே படம் வெறுமையாக இருக்கும். இப்போது அந்தப் பெண்ணை ஐந்தாம் நாள் முறைக்கு அனுப்புவோம். 120ஆம் மணியில் அவர் படமும் வெறுமைதான்! அவருக்குக் கிடைப்பது 'இயல்பு' என்ற சொல். அதன்பின், மனக்கவலை என்ற அறிவுரை.

ஒரே காப்ஸ்யூல், ஒரே படம், செலவு குறைவு என்பார்கள். தவறான விடையை மலிவாகப் பெறுவதில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

லக்னோ முறையைக் கையாண்டாலும் சண்டை முடியவில்லை. எஞ்சிய வளையம் தாமதத்தைச் சொல்கிறது; தாமதத்தின் காரணத்தைச் சொல்வதில்லை. பெருங்குடலின் தசையும் நரம்பும் தளர்ந்ததால் தேங்கலாம். முக்கும்போது விரிய வேண்டிய ஆசனவாய்த் தசை இறுகுவதாலும் தேங்கலாம். வாசல் அடைத்தால் கூடமும் நிரம்பும். படத்தில் முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் கொண்டு வலக்குடல், இடக்குடல், கீழே மலக்குடலை ஒட்டிய பகுதி என மூன்றாகப் பிரித்து எண்ணுவது வழக்கம். வளையங்கள் கீழ்ப்பகுதியில் குவிந்தால் வாசல் தடையை ஐயுறலாம். ஆனால் அது ஐயம் மட்டுமே: வாசல் தடை உள்ளவரிடம் வளையங்கள் குடல் முழுவதும் சிதறிக் கிடப்பதும் உண்டு. 'மலச்சிக்கல்' என்ற தமிழ்ச்சொல் சிக்கிக்கொண்டது என்பதோடு நின்றுவிடுகிறது, எங்கே, ஏன் என்று சொல்வதில்லை. படமும் ஏறத்தாழ அவ்வளவே சொல்கிறது.

ஆகவே 'மந்தக் கடப்பு' என்று பெயரிடுமுன் மலக்குடலில் நீர் நிரப்பிய சிறு பலூனை வைத்து அதை வெளித்தள்ள முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆசனவாய் அழுத்தமும் அளக்கப்பட வேண்டும். வாசல் தடை தெரியவந்தால் சிகிச்சை, தசையைத் தளர்த்தக் கற்பிக்கும் பயோஃபீட்பேக் பயிற்சி. பயிற்சி பலித்த பலரிடம் கடப்பு நேரமும் தானே சீராகிறது. அவர்களுடைய பெருங்குடல் தொடக்கத்திலிருந்தே குற்றமற்றது. ஒரே ஆளிடம்கூடக் கடப்பு நேரம் ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் மாறக்கூடும் என்பதையும் சேர்த்தால், ஒற்றைப் படத்தை வைத்துப் பெருங்குடலை வெட்டி நீக்கும் அறுவையைப் பேசுவது எவ்வளவு அவசரம் என்று விளங்கும். வாசல் தடையைக் கவனிக்காமல் குடலை நீக்கினால், வெட்டுப்பட்டவர் அதே வாசலில் அதே முக்கலோடு உட்கார்ந்திருப்பார்.