பழைய கைத்தொலைபேசி வீட்டைக் காக்குமா?

தீபாவளி நெருங்கும் காலங்களில் வீட்டிலுள்ள தங்க நகைகள் குறித்து விழிப்பாயிருக்குமாறு இலண்டன் மாநகரப் பொலிசார் தெற்காசியக் குடும்பங்களைப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகின்றனர். ஊரிலிருந்து கொண்டுவந்த தாலிக்கொடியையும் காப்புகளையும் அலுமாரியில் பூட்டிவிட்டுக் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகள் நம்மிடையே அநேகம். லாச்சியில் கிடக்கும் பழைய கைத்தொலைபேசியைக் காவற் கமெராவாக்கலாமா எனப் பலர் நம்மிடம் வினவுகின்றனர். ஆக்கலாம், ஆனால் அதன் பற்றரியை முதலில் கவனித்தல் வேண்டும்.

முதலில் பழைய தொலைபேசியிலுள்ள அனைத்தையும் அழித்து, சிம் அட்டையை அகற்றுங்கள். Alfred போன்ற செயலியைப் பழையதிலும் புதியதிலும் நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால், அசைவு தென்பட்டதும் உங்களுக்கு அறிவித்தல் வரும். பதிவாகும் காட்சிகள் அந்நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்வதால், இதற்கெனத் தனிக் கணக்கொன்றைத் திறந்து கடினமான கடவுச்சொல் இடுவது நன்று.

கமெராவை யன்னலில் வைக்க வேண்டாம். இரவில் கண்ணாடி அறையின் விளக்கையே பிரதிபலிக்கும். பகலில் வெயில் தொலைபேசியைச் சுடவைக்கும். 2022 யூலை 19ஆம் நாள் ஹீத்ரோவில் வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. ஐபோன்களையே 35 பாகைக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது அதன் நிறுவனம். நடையிலுள்ள புத்தகத் தட்டில், உறையைக் கழற்றி, முன்கதவை நோக்கி நிறுத்துங்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்கவும் தேவையில்லை. அயலவரின் வாசலும் படத்தில் விழாது. இருளில் இக்கமெரா காணாதாகையால் நடையில் சிறு விளக்கொன்று எரியட்டும்.

இனி மின்சாரம். எந்நேரமும் நூறு வீதத்தில் நிற்கும் பற்றரி, சூடும் சேர்ந்தால் நாளடைவில் வீங்கும். இதைத் தவிர்க்க, கால்மணிக்கொரு முளையுள்ள நேரக்கட்டுப்பாட்டுப் பிளக் ஒன்று போதும். செயலியை இயக்கி, திரையின் ஒளியைக் குறைத்து, இணைப்பைக் கழற்றி நேரத்தைக் குறியுங்கள். 80 வீதம் 40 ஆகக் குறைய நாலரை மணியும், மீண்டும் 80 ஆக ஒன்றரை மணியும் எடுத்ததென வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் ஒவ்வொரு ஆறு மணித்தியாலத்திலும் ஒன்றரை மணி மட்டும் மின்சாரம் செல்லுமாறு முளைகளை அமையுங்கள். கணக்குச் சிறிது பிசகக் கூடுமாதலால் வாரமொருமுறை பற்றரியின் அளவைப் பார்த்து ஒரு முளையைக் கூட்டியோ குறைத்தோ விடுங்கள்.

அப்போதே தொலைபேசியை மேசையில் படுக்கவைத்தும் பாருங்கள். அது ஆடினாலோ, திரையின் ஓரம் மேலெழும்பியிருந்தாலோ பற்றரி வீங்கிவிட்டது. உடனே இணைப்பை நீக்குங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பற்றக் கூடும். நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படையுங்கள்.

வந்தவன் எவனென்று கமெரா காட்டும், வந்தவனைத் தடுக்காது. ஆகவே கதவின் பூட்டையும் நகை வைக்கும் இடத்தையும் மறவாதீர்கள்.