பதில் வராவிட்டால் மறுப்பு என்று கொள்ளப்படும்

காதலைச் சொல்லும் கடிதம் நல்ல கடிதமா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். அதைப் பெறுகிறவர் "வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கும்? சிரமம் குறைவாக இருந்தால் நல்ல கடிதம். எழுத்து அழகு, உவமை, கண்ணீர் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

இந்த வயதில் காதல் கடிதத்தைப் பற்றி இவனுக்கென்ன பேச்சு என்று சிலர் நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் மனு, பென்ஷன் விண்ணப்பம், வங்கிக்குப் புகார் எதுவானாலும் எழுதித் தருபவன் நான்தான். குமாஸ்தா வேலை பார்த்தவனை வீட்டில் சும்மா விடுவார்களா? அந்த வழக்கத்தில்தான் என் தம்பியின் பேரன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிப்பவன், போனை என்னிடம் நீட்டி, "பெரிய தாத்தா, இதைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்க" என்றான். வாட்ஸ்அப்பில் அனுப்ப வைத்திருந்த வரைவு. கூடப் படிக்கும் பெண்ணுக்கு. மூன்று வருட நெருங்கிய சிநேகிதி, ஒரே பஸ், ஒரே ப்ராஜெக்ட் குழு. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி இதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

நானே எழுதித் தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு சிரானோ நாடகம் நினைவிருக்கும். ரோஸ்தான் எழுதியது, 1897-ல் மேடையேறியது. அதில் ஒருவன் எழுதிய கடிதங்களை இன்னொருவன் பெயரில் படித்துப் படித்து ரோக்ஸான் அந்த எழுத்தின் மேல் காதல் கொள்கிறாள். பாவம், யாரைக் காதலிக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. எனவே, கேள்வி கேட்பது என் வேலை, எழுதுவது உன் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் வரைவு நீளமாக இருந்தது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று ஒரு பகுதி. அவளுக்கு ஜுரம் வந்தபோது பத்து நாள் நோட்ஸ் எடுத்துக் கொடுத்தது, மழையில் குடை கொடுத்துவிட்டுத் தான் நனைந்து போனது என்று ஒரு பகுதி. கடைசியில் இரண்டு வரி: "ப்ளீஸ், நல்லா யோசிச்சுச் சொல்லு. பிடிக்கலன்னாலும் நம்ம ஃப்ரெண்ட்ஷிப் இப்படியே இருக்கணும்."

குடை கொடுத்ததும் நோட்ஸ் எடுத்ததும் நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கடிதத்துக்குள் வந்ததும் அது பில் ஆகிவிடுகிறது. "இவ்வளவு செய்திருக்கிறேன், பாக்கி எப்போது?" என்று கேட்பதுபோல. தூக்கம் வராததும் அப்படியே. அவள் "இல்லை" என்றால் இவன் பட்டினிக்கும் அவள் பொறுப்பாகிறாள். இரண்டையும் எடுக்கச் சொன்னேன். கடிதம் பாதியாகிவிட்டது.

அவன் விட்டுக்கொடுக்க மறுத்தது கடைசி இரண்டு வரிகளைத்தான். "அதுலதான் அவளுக்கு இடம் விட்டிருக்கேனே தாத்தா" என்றான். உண்மையில் அந்த இரண்டு வரிகள்தான் கதவை வெளியிலிருந்து தாழிடுகின்றன. "யோசிச்சுச் சொல்லு" என்றால் என்ன பொருள்? இப்போதே இல்லை என்று சொன்னால் யோசிக்கவில்லை என்றாகிவிடும். ஆகவே ஃபைல் அவள் மேசையிலேயே பெண்டிங்கில் கிடக்கும், தினமும் பஸ்ஸில் இவன் முகத்தைப் பார்த்தபடி. "நட்பு இப்படியே இருக்கணும்" என்பது இன்னும் மோசம். வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்தப் பெண் கொஞ்ச நாள் தள்ளி உட்கார நினைக்கலாம், நாலு வார்த்தை குறைத்துப் பேச நினைக்கலாம். அந்த உரிமையையும் முன்கூட்டியே பிடுங்கிக்கொள்கிற வரி அது. பார்வைக்குப் பெருந்தன்மை போல இருக்கும், உள்ளே நிபந்தனை.

எங்கள் ஆபீஸில் சுற்றறிக்கைகளில் ஒரு வாசகம் உண்டு. இன்ன தேதிக்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படும். எத்தனை முறை டைப் அடித்திருப்பேன்! மௌனத்தைச் சம்மதமாக்கும் மந்திரம் அது. நம் வழக்கிலும் மௌனம் சம்மதம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். காதல் கடிதத்தில் இந்த விதி தலைகீழாக வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. பதில் வராவிட்டால் மறுப்பு. அதுவும் அனுப்புகிறவனே அதைத் தன் கையால் எழுதித் தர வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் ஒரு பெண் வாயைத் திறந்து "இல்லை" என்று சொல்வதற்கு அடுத்து என்ன வரும் என்ற பயம் இருக்கிறது. 2012-ல் காரைக்காலில் நடந்த அமில வீச்சை நம் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுத்ததுதான் அந்தப் பெண் செய்த ஒரே காரியம். என் தம்பி பேரன் அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அநேகமாகத் தெரியும். ஆனால் அதை அவள் ஊகிக்க வேண்டிய நிலையில் விடக்கூடாது.

இன்னொரு விஷயத்தில் அவன் நான் நினைத்ததைவிடக் கோழையாக இருந்தான். "எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்" என்று எழுதியிருந்தானே ஒழிய, காதல் என்ற சொல்லே இல்லை. பிரெஞ்சில் இதற்கு வேடிக்கையான ஓர் உதாரணம் உண்டு. "ஜெ தெம்" என்றால் உன்னைக் காதலிக்கிறேன். அதோடு "நன்றாக" என்று பொருள்படும் "பியென்" என்ற சொல்லைச் சேர்த்து "ஜெ தெம் பியென்" என்றால் கூட வேண்டும் அல்லவா? குறைந்துவிடும்! சிநேகிதனாக உன்னைப் பிடிக்கும் என்ற அளவில் நின்றுவிடும். நம் "ரொம்பப் பிடிக்கும்" என்பதும் இந்த ரகம்தான். அத்தைக்கும் சொல்லலாம், அதிரசத்துக்கும் சொல்லலாம். மூன்று வருடச் சிநேகிதி அதைப் படித்தால், "எந்த மாதிரிப் பிடிக்கும்?" என்று அவளே கேட்க வேண்டி வரும். சொல்ல வேண்டியவன் பாரத்தை அவள் தலையில் ஏற்றுவது நேர்மை ஆகாது.

வாயால் சொல்லவே வேண்டாம், பார்வையிலேயே தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் சொல்வோம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று காமத்துப்பாலில், மற்றொன்று பொருட்பாலில், மன்னன் மனத்தை அமைச்சர் அறிவது பற்றி. மேலதிகாரியின் முகத்தைப் படித்தே முப்பது வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் இரண்டாவதற்கு நான் சாட்சி. ஆனால் நெருங்கிய சிநேகிதர்களிடையே குறிப்பு மிகவும் ஏமாற்றும். அவள் சிரிப்பது, டிபன் பகிர்வது, இரவு போன் செய்து பாடம் கேட்பது எல்லாம் சிநேகத்திலும் உள்ளதுதானே? அதனால்தான் வார்த்தை தேவைப்படுகிறது.

இரண்டு மூன்று நாள் அடித்துத் திருத்தியதில் கடைசியாக அவன் எழுதியது இது:

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்ச மாசமா உன்னை ஃப்ரெண்டா மட்டும் நினைக்க முடியல. உன்மேல எனக்குக் காதல் இருக்கு. அதை மறைச்சுக்கிட்டு எப்பவும் போல பேசறது சரியாப் படல, அதான் சொல்றேன். உனக்கு அப்படித் தோணலன்னா 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை போதும், காரணம் சொல்ல வேண்டாம். பதில் போடவே பிடிக்கலன்னா அதையும் இல்லன்னே எடுத்துக்கறேன். மறுபடி கேக்க மாட்டேன். காலேஜ்ல யாருக்கும் இது தெரியாது. ப்ராஜெக்ட்ல என் பங்கை எப்பவும் போல முடிச்சுடுவேன். மத்தபடி எவ்வளவு பேசறதுங்கறது உன் இஷ்டம்."

"யாருக்கும் தெரியாது" என்றுதான் முதலில் போட்டிருந்தான். எனக்குத் தெரியுமே, அது பொய் இல்லையா என்றேன். "காலேஜ்ல" சேர்ந்தது அப்படித்தான். ப்ராஜெக்ட் வரி அவன் சொந்த யோசனை, எனக்குத் தோன்றவில்லை. குழுவில் பாதி வேலை அவன் கையில் இருக்கும்போது, மறுத்தால் மார்க்குக்கு ஆபத்து வருமோ என்ற எண்ணம் அவளுக்கு வரலாம் அல்லவா? அதை அந்த வரி எடுத்துவிடுகிறது.

எப்போது அனுப்புவது என்பதற்கும் கொஞ்சம் யோசித்தோம். பரீட்சைக்கு முன்னால் கூடாது. நடுராத்திரி கூடாது. பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று வைத்தோம். சனி, ஞாயிறு இரண்டு நாள் அவள் இவனைப் பார்க்க வேண்டியதில்லை. அனுப்புவதற்கு முன் அந்த நீல டிக்கை அணைத்துவிடச் சொன்னேன். அதை அணைத்தால் நாம் படித்தது எதிராளிக்குத் தெரியாது, எதிராளி படித்தது நமக்கும் தெரியாது. இல்லாவிட்டால் "படிச்சுட்டா, ரெண்டு மணி நேரமாப் பதில் இல்ல" என்று இவன் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். பயந்துபோய் அழிக்கவும் கூடாது. செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அவள் திரையில் நிற்கும், அது கடிதத்தைவிட அதிகமாகக் கலவரப்படுத்தும்.

படிக்கிற வயதில் இதற்கெல்லாம் பெரியவர் துணை போகலாமா என்று என் தம்பியே கோபித்துக்கொண்டான். நான் துணை போகாவிட்டால் பையன் காதலை விட்டுவிடுவானா? அந்த முதல் வரைவை அப்படியே அனுப்பியிருப்பான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை பதில் வந்தது. "இல்லடா. நேரா சொன்னதுக்கு தேங்க்ஸ். கொஞ்ச நாள் ப்ராஜெக்ட் பத்தி மட்டும் பேசலாம்." பையன் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, டீ மட்டும் குடித்துவிட்டு, பேசாமல் கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை.

சொன்னபடி ப்ராஜெக்டை முடித்தான், மறுபடி கேட்கவில்லை. மூன்றாவது வாரம் மட்டும் கொஞ்சம் தடுமாறினான். "சும்மா, 'சாப்டியா'ன்னு மட்டும் ஒரு மெசேஜ் போடலாமா தாத்தா?" என்று கேட்டான். ஆபீஸில் முதல் ரிமைண்டர், இரண்டாம் ரிமைண்டர், அதற்கும் அசையாவிட்டால் டி.ஓ. லெட்டர் என்று போகும் முறையை அவனுக்கு விளக்கினேன். "அப்ப 'சாப்டியா'ங்கறது ரிமைண்டரா?" என்றான்.

முதல் ரிமைண்டர் என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.