வரிசையைக் காணாத பதிவேடு

நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது, 1.30 மணிக்கே வாயில் அடைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு வாயிலை எப்போது திறப்பது, எத்தனை பேரைப் பணியில் அமர்த்துவது என்பதை இந்த ஆண்டின் நுழைவுப் பதிவேட்டைக் கொண்டு முடிவு செய்வது அறிவார்ந்த வழியாகவே தோன்றும். ஆனால், அப்பதிவேட்டில் இருப்பது மாணவர் வந்த நேரம் அன்று. அவர் சோதனை மேசையை அடைந்த நேரம்.

ஒரு மையத்தில் 480 பேர் தேர்வு எழுதுவதாகக் கொள்வோம். மூன்று மேசைகள், ஒருவருக்கு 45 நொடி. அரை மணிக்கு 120 பேர் நுழையலாம். வாயில் 11 மணிக்குத் திறக்கிறது. அதற்கு முன்பே 160 பேர் வந்துவிட்டனர். பின்னர் அரை மணிக்கு ஒரு முறையாக 140, 110, 50, 20 பேர் வருகின்றனர். பதிவேடோ 11 முதல் 1 மணி வரை ஒவ்வோர் அரை மணிக்கும் 120 என்றே காட்டும். அதைப் பார்ப்பவர், மாணவர்கள் சீராக வந்தனர், ஏற்பாடு போதுமானது என்று எழுதிவிடுவார். உண்மையில் 11.30 மணிக்கு வெளியே 180 பேர் நின்றனர். அப்போது வந்தவர் மே மாத வெயிலில் 45 நிமிடம் காத்திருந்தார்.

இதைக் கண்டறியும் குறிப்பு பதிவேட்டிலேயே உண்டு. ஒரு மேசையின் பதிவுகளுக்கிடையே இடைவெளி விழுந்தால், அங்கே வரிசை இல்லை. வந்த நேரமும் பதிந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றே. இடைவெளியே இல்லாமல் பதிவுகள் தொடர்ந்தால், அந்த எண்ணிக்கை மேசைகளின் திறனை மட்டுமே சொல்கிறது.

தீர்வும் அதிலிருந்தே தெளிவாகும். மேசைகளை ஐந்தாக்கினாலும் 11 மணிக்கு 160 பேர் வெளியேதான் நிற்பர். அந்த 160 பேரும் 10.30 மணிக்குப் பின் வந்தவர்கள் என்றால், அதே மூன்று மேசைகளுடன் வாயிலை 10.30 மணிக்குத் திறந்தால் போதும்: 11 மணிக்கு 40 பேரே மீதமிருப்பர், 11.30 மணிக்கு 60 பேர். காத்திருப்பு 15 நிமிடத்தைத் தாண்டாது. முன்கூட்டியே திறப்பதாக அறிவித்தால் கூட்டமும் முன்கூட்டியே வரக்கூடும் என்பது மெய்யே. ஆகவே அனுமதிச் சீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் குறிப்பதும், அந்த நேரம் கடைப்பிடிக்கப்பட்டதா என்று பார்ப்பதும் தேவையாகும்.

ஆனால், அந்த 160 என்ற எண்ணை எந்தப் பதிவேடும் தராது. 10 மணி முதல் கால் மணிக்கு ஒரு முறை வரிசையில் நிற்போரை ஒருவர் எண்ணி எழுதினால்தான் அது கிடைக்கும். நுழைந்தோர் எண்ணிக்கையுடன் காத்திருப்போரைக் கூட்டினால், அதுவரை வந்தோர் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். 1.30 மணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவரையும் அவரே குறிக்க வேண்டும். ஏனெனில் பதிவேட்டில் அம்மாணவருக்கு ஒரு வரிகூட இராது. இந்த எண்ணிக்கை இல்லாமல் வகுக்கப்படும் திட்டம், சென்ற ஆண்டின் வரிசையை அடுத்த ஆண்டும் அதே வெயிலில் நிறுத்தும்.