சுழியம் எங்கே போனது?

"தவறு யாருடையது?" என்று கேட்பது சுலபம். "தவறு எந்த இடத்தில் நேர்ந்தது?" என்று கேட்கத்தான் பொறுமை வேண்டும். கணினித் துறையில் தொழிற்பயிற்சிக்குச் செல்லும் நம் மாணவர்கள் வெகு விரைவிலேயே இந்த இரு கேள்விகளுக்கும் நடுவில் நிற்க வேண்டிவரும். நானும் நின்றேன்.

2025ஆம் ஆண்டு ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தேன். டியூஷன் நிலையம் ஒன்றுக்கு மாணவர் பதிவு முறை ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தோம். மாணவர்கள் தங்கள் அடையாள அட்டை எண்ணைத் தட்டி உள்ளே நுழைய வேண்டும். ஒரு நாள் காலையில் அந்நிலையத்தின் கிராணி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, படிவம் 4, படிவம் 5 பிள்ளைங்க ஒருத்தரும் உள்ள போக முடியல. சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பிரச்சினையே இல்ல. உங்க சிஸ்டம்லதான் ஏதோ கோளாறு."

பெரிய வகுப்புகளுக்கு மட்டும் கோளாறு ஏன்? நம் நாட்டு அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. அந்த ஆண்டு படிவம் 5 மாணவர்கள் 2008இல் பிறந்தவர்கள். படிவம் 4 மாணவர்கள் 2009இல் பிறந்தவர்கள். அவர்கள் எண்கள் 08, 09 என்று தொடங்கும். 2010க்குப் பின் பிறந்தவர்களின் எண்களில் முதலில் சுழியம் இல்லை. அக்கா பெயர்ப்பட்டியலை எக்செலில் தட்டியிருந்தார். எக்செல் அதை எண்ணாகக் கருதி, முன்னால் இருந்த சுழியத்தை நீக்கிவிட்டது. பெற்றோரின் கைப்பேசி எண்களைப் பார்த்தேன். அவையும் 012 என்பதற்குப் பதில் 12 என்றே இருந்தன. ஐயம் தீர்ந்தது.

உடனே மின்னஞ்சல் எழுதினேன்: "எங்கள் முறையில் கோளாறு இல்லை. நீங்கள் அனுப்பிய கோப்பில் 64 எண்கள் தவறாக உள்ளன." சொன்னது உண்மைதான். ஆனால் என் மேற்பார்வையாளர் அதை அனுப்பவிடவில்லை. "இதன் நகல் நிலைய உரிமையாளருக்கும் போகும். நாளை அந்த அம்மா என்ன பதில் சொல்வார்?" என்று கேட்டார். நான் எழுதிய இரண்டு வரி ஒருவரின் வேலையைத் தொடும் என்று நான் நினைக்கவே இல்லை.

பிறகு அக்காவை அழைத்து, "எப்படித் தட்டினீங்க?" என்று கேட்காமல், "அந்தக் கோப்பை இரண்டு பேரும் சேர்ந்து திறந்து பார்ப்போமா, அக்கா?" என்று கேட்டேன். ஒரு கட்டத்தில் 080514 என்று தொடங்கும் எண்ணைத் தட்டச் சொன்னேன். எண்டர் தட்டியதும் சுழியம் மறைந்தது. "அட, அதுவா எடுத்துடுச்சு!" என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. 12 இலக்க எண்கள் திரையில் `1.01E+11` என்று தோன்றியதால், அவர் கட்டங்களை `Number` என்று மாற்றியிருந்தார். மாற்றாமல் CSV கோப்பாகச் சேமித்திருந்தால் பின் இலக்கங்களே அழிந்து, மீட்க வழியில்லாமல் போயிருக்கும். அவர் செய்த அந்தக் காரியம்தான் பட்டியலைக் காப்பாற்றியது. முகத்துதிக்காக அல்ல, நடந்தது அதுவென்பதால் அதையும் மின்னஞ்சலில் எழுதினேன். எண்ணை இடைக்கோடு இல்லாமல் தட்டச் சொன்னது எங்கள் குறிப்புதான் என்பதையும் எழுதினேன். இடைக்கோடு இருந்திருந்தால் எக்செல் அதை எழுத்தாகவே வைத்திருக்கும்.

11 இலக்கமாக இருந்த 64 எண்களுக்கும் சுழியத்தைச் சேர்த்து, தனியே இருந்த பிறந்த தேதியோடு ஒப்பிட்டோம். 61 ஒத்துவந்தன. மற்ற மூன்றையும் அட்டையைப் பார்த்து உறுதிசெய்யக் கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு சுழியம் சேர்த்திருந்தால் அந்த மூன்றும் தவறாகவே நின்றிருக்கும்.

"எதற்கு இவ்வளவு? 'சரிசெய்துவிட்டோம்' என்று சொல்லி முடித்திருக்கலாமே" என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. காரணத்தை மறைப்பது மரியாதை ஆகாது. மறைத்தால் அடுத்த சேர்க்கையிலும் அதே பட்டியல் அதே வழியில் வரும். இரண்டாம் முறை உரிமையாளர் கேட்கும்போது அக்காவிடம் பதில் இருக்காது. பழி முழுவதையும் நாமே ஏற்பதும் பொய்தான்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோம். "சுழியம் விழுந்தது" என்பது ஒன்று, "சுழியத்தை விழச் செய்தீர்கள்" என்பது வேறு. இங்கே தன்வினை வெறும் நயம் அல்ல. அதுவே சரியான செய்தி. ஏனெனில் அக்கா சுழியத்தைத் தட்டியிருந்தார்.

இப்போது எங்கள் மாதிரிக் கோப்பில் அந்தக் கட்டங்கள் `Text` என்று முன்கூட்டியே அமைக்கப்பட்டுள்ளன. 12 இலக்கம் இல்லாத எண் வந்தால், எந்த வரிசை என்பதைத் திரை சொல்லிவிடும். யாரும் யாருக்கும் மின்னஞ்சல் எழுத வேண்டியதில்லை.