அசிஸ்டன்ட்டும் வைஸ் பிரசிடென்ட்டும்

போன மாசம் தஞ்சாவூர் போயிருந்தேன். தங்கச்சிக்கு வரன் பார்க்கறாங்க. மாமா ரெண்டு ஜாதகத்தை வெச்சுகிட்டு திண்ணையில உக்காந்திருந்தார். பொதுப்பணித்துறையில உதவி செயற்பொறியாளரா இருந்து ரிடையர் ஆனவர்.

முதல் பையன் 31 வயசு, ஒரு வெளிநாட்டு பேங்க்ல வைஸ் பிரசிடென்ட். "இந்த வயசுல பேங்குக்கே துணைத் தலைவரா!"ன்னு மாமாவுக்கு ஒரே பூரிப்பு. ரெண்டாவது பையன் 32, டிசிஎஸ்ல அசிஸ்டன்ட் கன்சல்டன்ட். "இன்னும் அசிஸ்டன்ட்டாவே இருக்கானேப்பா"ன்னு ஓரமா வெச்சுட்டார்.

பொட்டி தட்டுற நமக்குத் தெரியும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அந்த மாதிரி பேங்க்ல அனலிஸ்ட், அசோசியேட்டுக்கு அடுத்த படியே வைஸ் பிரசிடென்ட்தான். பெரிய ஆபீஸ்ல அவங்க நூத்துக்கணக்குல இருப்பாங்க. முடிவெடுக்கற ஆளோடதான் பேசறோம்னு வாடிக்கையாளருக்குத் தோணணும், அதுக்காக வந்த பட்டம். டிசிஎஸ்லயோ சிஸ்டம் இன்ஜினியர், ஐடி அனலிஸ்ட் எல்லாம் தாண்டினாத்தான் அசிஸ்டன்ட் கன்சல்டன்ட்.

இதைச் சொன்னா மாமா நம்பலை. அவர் துறைக்கே போனேன்.

"மாமா, நம்ம ஊர்ல உதவிப் பொறியாளர்னா எதைப் பார்ப்பார்?"

"ஒரு பிரிவு. உபகோட்டம் என்னை மாதிரி ஆளுக்கு. கோட்டம் செயற்பொறியாளருக்கு."

"மத்திய பொதுப்பணித்துறையில?"

கொஞ்சம் யோசிச்சார். "அங்க உதவிப் பொறியாளரே உபகோட்டம் பார்ப்பார். பிரிவு ஜேஈ கையில."

அவ்ளோதாங்க விஷயம். பேர் ஒண்ணு, படி வேற. ஆனா அரசாங்கத்துல பதவியோட எல்லையும் ஒட்டிகிட்டே வரும். பிரிவா, உபகோட்டமான்னு கேட்டாப் போதும், உயரம் தெரிஞ்சுடும். கம்பெனி பட்டத்துல அந்த எல்லை எழுதியிருக்காது. அதை நாமதான் எழுதணும்.

அதுக்காகப் பட்டத்தையே மாத்திப் போட்டுடாதீங்க. பின்புலச் சரிபார்ப்புல ரிலீவிங் லெட்டரோட ஒத்துப் போகலைன்னா பொய்யின்னு ஆகிடும். கம்பெனி கொடுத்த பேரை அப்படியே போட்டு, கீழ ஒரு வரி சேர்த்தாப் போதும். "அசிஸ்டன்ட் கன்சல்டன்ட். சேர்ந்ததுலேர்ந்து நாலாவது படி. பத்து பேர் வேலைக்குப் பொறுப்பு. டிசைன் முடிவு என்னோடது, ஆள் எடுக்கறது மேனேஜரோடது." கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க. பத்து பேருன்னு மட்டும் போட்டா அதுவும் ஏமாத்தும். கீழ ஒருத்தர்கூட இல்லாத ஆர்க்கிடெக்ட் அந்தப் பத்து பேரை விட மேல இருப்பார். எந்த முடிவு உங்க கையில, எது இல்லைங்கறதுதான் சரியான அளவு.

மாமா ரெண்டாவது ஜாதகத்தைத் திரும்ப எடுத்தார். பையனோட அப்பாவுக்கு போன் போட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி கையில எத்தனை மதகு சார்?"

உள்ளேர்ந்து தங்கச்சி சிரிக்கற சத்தம் கேட்டுது.